கடனைக் கழித்தால் இருப்பு ஏன் ஏறுகிறது? குறை எண்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் −1,800 − 2,500 எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பலர் தயங்காமல் 4,300 என்பார்கள். ஏன் என்றால், "மைனசும் மைனசும் சேர்ந்தா பிளஸ்தானே!" அந்த விதியைத் தப்பான இடத்தில் போட்டதுதான் சிக்கல். அதை இன்னொரு முறை மனப்பாடம் செய்ய வைப்பதால் இது தீராது. அதே எண்களை ஒரு வங்கிக் கணக்கில் வைத்துக் காட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சேமிப்புக் கணக்கில் இருப்பு பொதுவாகப் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதனால் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஓ.டி. கணக்கை எடுத்துக்கொள்வோம். அதில் கையிருப்பு தீர்ந்த பிறகும் ஒரு வரம்பு வரை பணம் எடுக்கலாம். எடுத்தது வங்கிக்குத் தர வேண்டிய கடன். ஸ்டேட்மென்ட்டில் இருப்பு 3,000 Dr என்று இருந்தால் கடைக்காரர் வங்கிக்கு 3,000 ரூபாய் தர வேண்டும் என்று பொருள். நாம் அதை −3,000 என்று எழுதுவோம்.

காலையில் ஒரு மளிகைக் கடையின் இருப்பு −3,000. வாடிக்கையாளர் ஒருவர் 1,200 ரூபாய் அனுப்புகிறார். −3,000 + 1,200 = −1,800. இங்கே இரண்டு விதமாகத் தவறுவார்கள். சிலர் 3,000-ஐயும் 1,200-ஐயும் கூட்டி முன்னால் மைனஸ் போட்டு −4,200 என்பார்கள். பணம் வந்த பிறகு கடன் எப்படிக் கூடும்? வேறு சிலர் கழிப்பதைச் சரியாகக் கழித்துவிட்டு, குறியை விட்டுவிட்டு 1,800 என்பார்கள். 3,000 ரூபாய் கடனை 1,200 ரூபாயால் அடைத்து மிச்சமும் பிடிக்க முடியாதே. கணக்கைத் தொடங்கும் முன் இருப்பு ஏறுமா இறங்குமா, பூஜ்யத்தைத் தாண்டுமா என்று கேட்டுக்கொண்டால் இந்த இரண்டும் வராது.

அடுத்து, சரக்கு வாங்கியதற்குக் கொடுத்த 2,500 ரூபாய் செக் பாஸாகிறது. −1,800 − 2,500 = −4,300. ஏற்கெனவே கடன், அதற்கு மேல் இன்னொரு செலவு, கடன் வளர்ந்துவிட்டது. பிள்ளைகள் 4,300 என்று சொன்னது இந்தக் கணக்கைத்தான். 'மைனஸ் மைனஸ் பிளஸ்' என்பது ஒரு குறை எண்ணை இன்னொரு குறை எண்ணால் பெருக்கும்போதும் வகுக்கும்போதும், −(−590) என்பதுபோல ஒரு கழித்தல் குறியை அடுத்து ஒரு குறை எண் வரும்போதும் மட்டும் பொருந்தும். இங்கே கழிக்கப்படும் 2,500 மிகை எண்தான். முதல் மைனஸ் 1,800-க்கு உரியது, இரண்டாவது கழிக்கச் சொல்வது.

சரி, −(−590) எங்கிருந்து வரும்? அன்று மதியம் வங்கி ஏதோ ஒரு கட்டணத்தைத் தவறாகப் பிடித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 500, அதற்கு 18% ஜி.எஸ்.டி. 90, ஆக 590 ரூபாய். கணக்கில் ஒரு பற்று வந்து சேர்ந்திருக்கிறது: −4,300 + (−590) = −4,890. கடைக்காரர் கேட்டதும் வங்கி அந்தக் கட்டணத்தை ரத்து செய்கிறது. அதாவது அந்தப் பற்றை எடுத்துவிடுகிறது: −4,890 − (−590). பற்று நடக்காததுபோல் ஆகிவிட்டதால் இருப்பு மறுபடி −4,300. எடுக்கப்பட்டது கடன், அதனால் இருப்பு ஏறியது. இதை −5,480 என்று எழுதுபவர்கள் ரத்தான கட்டணத்தை இரண்டாவது முறை பிடித்துவிடுகிறார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கி பழைய வரியை அழிப்பதில்லை. 590 பற்று என்ற வரி ஸ்டேட்மென்ட்டில் அப்படியே இருக்கும். கீழே 590 வரவு என்று ஒரு புதிய வரி வரும். ஒரு கடனை நீக்குவதும் அதே அளவு பணத்தை வரவு வைப்பதும் இருப்பில் ஒரே விளைவைத் தருகின்றன. '−(−590) என்பது +590' என்று பாடத்தில் சொல்வதன் காரணம் இதுதான். எதிர்ப்பக்கமும் அப்படியே. கடைக்காரர் போட்ட 2,000 ரூபாய் செக் வரவான பிறகு திரும்பிவிட்டால், அந்த வரவை எடுக்க வங்கி 2,000 பற்று எழுதும். 2,000-ஐக் கழிப்பதும் −2,000-ஐக் கூட்டுவதும் ஒன்று.

ஆக ஒவ்வொரு வரியிலும் இரண்டு கேள்விகள் உண்டு. என்ன வகைப் பதிவு, வரவா பற்றா? அது எண்ணின் குறி. அந்தப் பதிவு கணக்கில் சேர்கிறதா, நீக்கப்படுகிறதா? அது கூட்டல், கழித்தல். இந்த இரண்டையும் ஒரே மைனசாகப் பார்ப்பதிலிருந்துதான் மேலே சொன்ன குழப்பங்களில் பாதி வருகின்றன. தொடக்கத்தில் குறை எண்ணை எப்போதும் அடைப்புக்குறிக்குள் எழுத வைப்பது இதற்கு நல்ல உதவி.

கூர்மையான பிள்ளை இங்கே ஒரு கேள்வி கேட்கும்: 700 − (−300) என்றால் என்ன? இருப்பு 700, கடனே இல்லை, இல்லாத கடனை எப்படி எடுப்பது? நியாயமான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. 700 என்ற இருப்பு 1,000 வரவும் 300 பற்றும் சேர்ந்து வந்ததாக இருக்கலாம். அந்த 300 பற்றை நீக்கினால் மீதம் 1,000. பூஜ்யமும் அப்படித்தான், 300 வரவும் 300 பற்றும் கொண்ட கணக்கின் இருப்பு பூஜ்யம். பற்றை எடுத்தால் 300 நிற்கும். பூஜ்யத்திலிருந்து கடனைக் கழித்தால் செல்வம் என்று பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டிலேயே விதி எழுதினார். அவரும் மிகை எண்ணைத் தனம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும்தான் குறித்தார்.

மாலையில் பெரிய ஆர்டருக்கான பணம் வந்து இருப்பு −4,300-லிருந்து 1,700-க்கு ஏறுகிறது. எவ்வளவு வந்தது? 4,300-லிருந்து 1,700-ஐக் கழித்து 2,600 என்பது வழக்கமான தவறு. 2,600 மட்டும் வந்திருந்தால் கடனே அடைந்திருக்காது. முதலில் பூஜ்யம் வரை வர 4,300 வேண்டும், அப்புறம் மேலே 1,700. மொத்தம் 6,000. கணக்காக எழுதினால் 1,700 − (−4,300) = 6,000. சரிபார்க்க, விடையைப் பழைய இருப்போடு கூட்டிப் பாருங்கள்: −4,300 + 6,000 = 1,700.

எது பெரியது என்பதிலும் தடுமாற்றம் உண்டு. 4,890 என்ற இலக்கங்களைப் பார்த்து −4,890 பெரியது என்று எழுதிவிடுவார்கள். பெரியது கடன்தான், இருப்பு அல்ல. −4,300 உள்ள கடைக்காரர் 590 ரூபாய் மேலே நிற்கிறார், அதனால் −4,300 > −4,890.

வங்கிச் செயலியைக் காட்டிச் சொல்லிக்கொடுக்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. ஓ.டி. வரம்பு 20,000 ஆகவும் இருப்பு −4,300 ஆகவும் இருந்தால், இன்னும் எடுக்கக்கூடிய தொகை 20,000 + (−4,300) = 15,700. சில திரைகளில் Available Balance என்று இந்த 15,700-தான் தெரியும். அதை இருப்பாக எடுத்துக்கொண்டு கணக்கைத் தொடங்கினால் வரும் ஒவ்வொரு விடையும் 20,000 கூடுதலாக இருக்கும். Dr, Cr என்ற குறியோடு வரும் இருப்பைத்தான் எடுக்க வேண்டும்.