மிச்சப் பணமும் வராத பிள்ளைகளும்: திட்ட நிறைவு அறிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் சங்கம் ஒரு மானியத்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்தியது. 2023 பிப்ரவரியில் தொடங்கி 2024 ஜூலையில் முடிந்த 18 மாதத் திட்டம். மொத்த நிதி 4,80,000 ராண்ட். நான் பொருளாளர். நிறைவு அறிக்கையின் முதல் வரைவை அனுப்பிய மறுவாரமே நிதி வழங்கிய இடத்திலிருந்து அதிகாரி ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "60 பிள்ளைகள் பயன்பெற்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டுச் செலவைப் பார்த்தால் 43 பேருக்குத்தானே வருகிறது?"

அவர் சொன்னது சரி. அறிக்கையில் பலன்களை ஆசிரியை எழுதினார், கணக்கை நான் எழுதினேன், பாடங்களைச் செயலாளர் எழுதினார், பொருள் பட்டியலை இன்னொருவர் தயாரித்தார். கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டினோம். எங்கள் மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைத்தன. பலன் குறைந்த இடத்தில்தான் பணம் மிஞ்சும். மிஞ்சியதன் காரணத்தில்தான் பாடம் இருக்கும். நான்கு பேர் நான்கு மேசையில் எழுதினால் இந்தத் தொடர்பு அறுந்துபோகும், படிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

முதலில் பலன்களைச் சொல்கிறேன். 60 பிள்ளைகள் சேர வேண்டும், 60 சனிக்கிழமை வகுப்பு நடக்க வேண்டும், முடிவில் 42 பேராவது ஒரு பக்கக் கதையைத் தடுமாறாமல் தமிழில் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். இங்கே பெரும்பாலான வீடுகளில் ஆங்கிலம்தான் பேச்சு மொழி, அதனால் ஒரு பிள்ளை தமிழில் ஒரு பக்கம் வாசிப்பது எங்களுக்குப் பெரிய விஷயம். கடைசித் தேர்வுக்கு 31 பேர் வந்தார்கள், 26 பேர் நன்றாக வாசித்தார்கள். ஆசிரியை மகிழ்ச்சியோடு "84 சதவீதம் வெற்றி" என்று எழுதினார். 31-இல் 26 என்றால் அது 84 சதவீதம்தான். ஆனால் திட்டம் பேசியது சேர்ந்த 60 பேரைப் பற்றி. அந்தக் கணக்கில் 26 என்பது 43 சதவீதம். இலக்கு 42 பேர், அடைந்தது 26 பேர். இதை அப்படியே எழுதியிருக்க வேண்டும். தேர்வுக்கு வந்தவர்களை மட்டும் அடியில் வைத்து வகுப்பது வேண்டுமென்றே செய்த பொய் அல்ல. ஆனாலும் பாதியில் நின்றுபோன 29 பிள்ளைகளை அது கணக்கிலிருந்தே அழித்துவிடுகிறது.

இன்னொரு குறையும் இருந்தது. தொடக்கத்தில் நாங்கள் யாரையும் வாசிக்க வைத்துப் பார்க்கவில்லை. அந்த 26 பேரில் எத்தனை பேர் முன்பே வாசிக்கத் தெரிந்து வந்தவர்கள் என்று சொல்ல எங்களிடம் எந்தப் பதிவும் இல்லை. இந்த ஓட்டையை அறிக்கை எழுதும்போது அடைக்க முடியாது. "தொடக்க நிலைத் தேர்வு நடத்தவில்லை, எனவே முன்னேற்றத்தை அளக்க முடியவில்லை, முடிவு நிலையை மட்டுமே சொல்கிறோம்" என்று நேராக எழுதுவதே வழி.

அடுத்தது மிச்சப் பணம். நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். முதல் வரைவில் திட்டக் கணக்கின் வங்கி இருப்பைப் பார்த்து "மீதி 76,550 ராண்ட்" என்று எழுதிவிட்டேன். வங்கியில் இருக்கும் தொகையும் செலவாகாத தொகையும் ஒன்றல்ல. புத்தகம் அச்சடித்த அச்சகத்துக்கு இன்னும் 11,500 ராண்ட் கொடுக்க வேண்டியிருந்தது. புத்தகங்கள் வந்து பிள்ளைகள் கைக்கும் போய்விட்டன, பில் மட்டும் நிலுவை. கணக்குத் தணிக்கைக்கு 6,000 ராண்ட் ஒப்புக்கொண்டிருந்தோம். இரண்டையும் சேர்த்தால் 17,500. அது போக 2,150 ராண்ட் வட்டி. வட்டி எங்களுடைய பணமா, வழங்கியவர்களுடைய பணமா என்பதை மானிய ஒப்பந்தம்தான் சொல்லும். எங்கள் ஒப்பந்தத்தில் அது திட்டத்தைச் சேர்ந்தது என்று இருந்தது. ஆக, வங்கி இருப்பில் நிலுவையையும் வட்டியையும் கழித்தால் உண்மையில் செலவாகாதது 56,900 ராண்ட். வட்டியைச் சேர்த்துத் திருப்பித் தர வேண்டியது 59,050. முதல் வரைவின்படி திருப்பி அனுப்பியிருந்தால் அச்சகத்துக்கும் தணிக்கையாளருக்கும் சங்கத்தின் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க நேர்ந்திருக்கும்.

தொகை சரியான பிறகும் ஒரு வேலை பாக்கி. 56,900 என்று ஒற்றை எண்ணாக எழுதினால் அது ஒன்றையும் சொல்லாது. வரிவரியாகப் பிரித்துக் காரணத்தோடு எழுத வேண்டும். சாப்பாட்டு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 60 பிள்ளைக்கு ஒரு வேளை 25 ராண்ட் வீதம் 60 வாரத்துக்கு 90,000 ஒதுக்கியிருந்தோம், செலவானது 55,900. மீதி 34,100. இதில் 12,000 ராண்ட், நடக்காமல் போன 8 வகுப்புகளால் வந்தது. மிச்சம் 22,100 ராண்ட், நடந்த 52 வகுப்புகளிலும் சராசரியாக 17 பிள்ளைகள் வராததால் வந்தது. இவை இரண்டும் வெவ்வேறு பிரச்சினைகள். முதலாவது நாட்காட்டிப் பிரச்சினை, இரண்டாவது போக்குவரத்துப் பிரச்சினை. இப்படிப் பிரித்தபோதுதான் எங்களுக்கே அது புரிந்தது.

ஆசிரியர் மதிப்பூதியத்தில் 14,400, வண்டியில் 8,000, மண்டப வாடகையில் 4,000 என்று மற்ற மீதிகள் எல்லாம் அதே 8 வகுப்புகள் நடக்காததால் வந்தவை. லேப்டாப்புக்கு மட்டும் 3,600 ராண்ட் கூடுதலாகச் செலவானது. ஒரு வரியில் 10 சதவீதம் வரை கூடலாம் என்று எங்கள் ஒப்பந்தம் அனுமதித்தது, 1,14,000-இல் 3,600 அந்த வரம்புக்குள் அடங்கும். இருந்தாலும் அதை மற்ற மீதியோடு கழித்து மறைக்காமல் தனியாகக் காட்டி, விலை ஏறியதைக் காரணமாக எழுதினேன். கூடுதலையும் குறைவையும் கலந்து நிகர எண்ணை மட்டும் கொடுப்பது தணிக்கையில் வீண் சந்தேகத்தைக் கிளப்பும்.

கடைசி மாதத்தில், இவ்வளவு பணம் திரும்பிப் போகிறதே என்று குழுவில் சிலருக்கு மனம் கேட்கவில்லை. பிள்ளைகளுக்குப் பையும் நிறைவு விழாவும் ஏற்பாடு செய்யலாம் என்றார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் செய்யக்கூடாது. திட்ட வரவுசெலவில் இல்லாத செலவையும் முடிவு தேதிக்குப் பிறகு தேதியிட்ட பில்லையும் வழங்கியவர்கள் ஏற்க மாட்டார்கள், அந்தத் தொகை சங்கத்தின் தலையில் விழும். மீதியைப் பயனுள்ளதாகச் செலவிட ஒரு வழி உண்டு: முடிவதற்கு முன்பே, கூடுதல் நிதி கேட்காமல் கால நீட்டிப்பு மட்டும் எழுத்தில் கேட்பது. 8 வகுப்புகளையும் அப்படி நடத்தி முடித்திருக்கலாம். ஏப்ரலிலேயே கேட்டிருக்க வேண்டும். ஜூலையில் நினைவு வந்து பயனில்லை.

சரி, அந்த 8 வகுப்புகள் ஏன் நடக்கவில்லை? செயலாளரின் பகுதியில் "தகவல் தொடர்பை மேம்படுத்த வேண்டும், திட்டமிடல் வலுவாக இருக்க வேண்டும்" என்று இருந்தது. அவர் அக்கறையோடு எழுதியதுதான். ஆனால் எந்த ஊரில் எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும் வரி பாடம் ஆகாது. வருகைப் பதிவேட்டை மேசையில் விரித்து ஒவ்வொரு சனிக்கிழமையாகப் பார்த்தோம். 3 வகுப்புகள் இன்வெர்ட்டர் வராததால் நின்றவை. 2023-இல் லோட்ஷெடிங் எவ்வளவு மோசம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். முதல் மாதமே வாங்க வேண்டிய இன்வெர்ட்டரை மே மாதம்தான் வாங்கினோம். 1 வகுப்பு, காவடிக்காகக் கோயில் மண்டபம் தேவைப்பட்டதால் நின்றது. மற்ற 4-உம் புரட்டாசி சனிக்கிழமைகள். நம் வீடுகளில் அந்த மாதம் விரதமும் சனிக்கிழமைப் பூசையும் எவ்வளவு முக்கியம் என்று தெரிந்த நாங்களே, செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 14 வரை வகுப்பு என்று அட்டவணை போட்டிருந்தோம்.

இப்போது பாடத்தை இப்படி எழுதலாம்: "அடுத்த திட்டத்தில் புரட்டாசி சனிக்கிழமைகளையும் கோயிலின் காவடி நாட்களையும் விலக்கிய பிறகே வகுப்பு எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். பொறுப்பு: செயலாளர், விண்ணப்பம் எழுதும் முன்." வராத 17 பிள்ளைகளுக்கும் அப்படியே. எங்கள் மினிபஸ் டாக்சி ஒரே வழியில் போனது. கிராஸ்மூர் பக்கத்துப் பிள்ளைகள் ஏறும் இடத்துக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது, அவர்கள்தான் முதலில் நின்றார்கள். வண்டி வரியில் மீதி இருந்த 8,000 ராண்டில் சில மாதங்களாவது இரண்டாவது வழிக்கு ஒரு வண்டி விட்டுப் பார்க்க அந்த மீதி சேரத் தொடங்கியதுமே அனுமதி கேட்டிருக்கலாம். நல்ல பாடத்தில் என்ன நடந்தது, ஏன் நடந்தது, யார் எப்போது எதை மாற்ற வேண்டும் என்ற மூன்றும் இருக்கும். எங்களுக்கு இப்படி நான்கு பாடங்களே தேறின, அவை போதும்.

கடைசியாகப் பொருள்கள். பட்டியலில் "லேப்டாப் 12, இன்வெர்ட்டர் 1" என்று இரண்டு வரிகள்தான் இருந்தன. ஒவ்வொரு லேப்டாப்புக்கும் தொடர் எண், வாங்கிய தேதி, விலை, இப்போதைய நிலை, இருக்கும் இடம் வேண்டும். எடுத்து எண்ணிப் பார்த்தால் 11தான் இருந்தன. ஒன்று திருடு போய், போலீசில் புகார் கொடுத்து வழக்கு எண்ணும் வாங்கியிருந்தோம், ஆனால் யாரும் பதிவேட்டில் எழுதவில்லை. அந்த எண்ணோடு எழுதினால் அது விளக்கம் பெற்ற இழப்பு. எழுதாவிட்டால் காணாமல் போன பொருள்.

பொருள்கள் யாருக்குப் போகும் என்பதில் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. 1997-ஆம் ஆண்டு லாப நோக்கமற்ற அமைப்புகள் சட்டத்தின்படி, பதிவுபெற்ற அமைப்பு கலையும்போது கடன் போக மிஞ்சும் சொத்து அதே போன்ற நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்குப் போக வேண்டும். அது அமைப்பே மூடப்படும்போது. திட்டம் மட்டும் முடிந்தால் மானிய ஒப்பந்தத்தைத்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு லேப்டாப்புகளைச் சங்கமே வைத்துக்கொள்ள எழுத்தில் அனுமதி கிடைத்தது. சுவரில் பொருத்திய இன்வெர்ட்டர் கோயில் மண்டபத்தில் இருந்தது. அதைக் கழற்றுவதில் அர்த்தமில்லை என்று கோயில் குழுவுக்கு ஒப்படைத்தோம். ஒப்படைப்புத் தாளில் பேட்டரி பழுதானால் யார் மாற்றுவது என்றும் ஒரு வரி சேர்த்து இரண்டு தரப்பும் கையெழுத்திட்டோம்.

லேப்டாப்புகளை எடுத்துக்கொண்டபோது தெரிந்தது, எல்லாமே ஒரு தன்னார்வலரின் சொந்த மின்னஞ்சலில் திறக்கும்படி அமைக்கப்பட்டிருந்தன. அவர் அதற்குள் கேப் டவுனுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். கடவுச்சொல்லும் மென்பொருள் உரிமமும் பொருளோடு சேர்ந்தவை, பொருளோடு அவையும் கைமாற வேண்டும். அந்த லேப்டாப்புகளில் பிள்ளைகளின் பெயர், வயது, பெற்றோர் எண் எல்லாம் இருந்தன. 2021 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தப்படும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் பிள்ளைகளின் தகவலுக்குக் கூடுதல் காவல் உண்டு. தணிக்கைக்குத் தேவையான வருகைப் பதிவேட்டை மட்டும் சங்கத்தின் பூட்டிய அலமாரியில் வைத்துக்கொண்டு, 11 லேப்டாப்புகளிலும் இருந்த தகவலை ஒவ்வொன்றாக அழித்து மறுபடி அமைத்தோம். அழித்த தேதியையும் செய்தவர் பெயரையும் ஒப்படைப்புத் தாளின் கீழேயே எழுதினோம்.