ஸ்பீட் டெஸ்டில் குறையில்லை, அழைப்பு மட்டும் வெட்டுகிறதா? பாக்கெட் இழப்பை அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அழைப்பில் குரல் விட்டுவிட்டு வருகிறது. ஸ்பீட் டெஸ்ட் ஓட்டினால் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. “என் நெட் நல்லாத்தான் இருக்கு, உங்க பக்கம் பாருங்க” என்று சொல்லிவிடுகிறோம். முதல் தவறு இதுதான். ஸ்பீட் டெஸ்ட் அளப்பது வேறு, அழைப்புக்கு வேண்டியது வேறு.

ஸ்பீட் டெஸ்ட் பெரும்பாலும் டிசிபி என்ற முறையில், தரவைப் பாக்கெட் எனும் சிறு துண்டுகளாக அனுப்புகிறது. வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் டிசிபி அதைக் கவனித்து மறுபடி அனுப்பிவிடும். ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து வைத்திருப்பதால், ஒன்று சற்றுத் தடுமாறினாலும் மற்றவை ஈடுகட்டிவிடும். கடைசியில் திரையில் வருவது சராசரி வேகம் மட்டுமே. நடுவில் எத்தனை பாக்கெட் தொலைந்து திரும்ப வந்தன என்பது அதில் தெரியாது.

குரல் அழைப்பு பொதுவாக, தொலைந்ததைத் தானாக மறுபடி அனுப்பாத யுடிபி முறையில் போகிறது. 20 மில்லிசெகண்ட் பேச்சுக்கு ஒரு பாக்கெட், அதாவது நொடிக்கு 50 சின்னப் பாக்கெட்டுகள். தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்க நேரமில்லை. அது வந்து சேர்வதற்குள் பேச்சு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும். தாமதமாக வந்த பாக்கெட்டும் தொலைந்ததற்குச் சமம்தான். ஒன்றிரண்டு அங்கங்கே போனால் செயலியே அந்த இடைவெளியை ஊகித்து நிரப்பிவிடும், காதுக்குத் தெரியாது. அடுத்தடுத்து பத்து போனால் 200 மில்லிசெகண்ட் பேச்சு காலி. அதனால் இழப்பு எத்தனை சதவீதம் என்பதோடு, அது சிதறி வருகிறதா, கொத்தாக வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சரி, ஒரு முகவரிக்குச் சின்னப் பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங்கை அடிக்கலாம் என்று விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் `ping` கட்டளையோடு முகவரியைக் கொடுத்தால் நான்கே நான்கு பதில் வரும். நான்கும் வந்துவிட்டால் இழப்பே இல்லை என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: உண்மையில் 2% இழப்பு இருந்தாலும், நான்கு பிங்கும் பத்திரமாகத் திரும்ப 92% வாய்ப்பு இருக்கிறது. அழைப்பைக் கெடுக்கும் இழப்பு இந்தச் சோதனையில் சிக்குவது அபூர்வம். குறைந்தது 600 பிங் அனுப்புங்கள், அதையும் அழைப்பு வெட்டுகிற அதே நேரத்தில் அனுப்புங்கள். இரவு எட்டு மணிக்கு வரும் தொல்லையைக் காலை ஆறு மணிக்குத் தேடினால் கிடைக்காது.

பிங் அடிக்கும் இடமும் முக்கியம். வெளியே உள்ள ஒரு முகவரியை மட்டும் சோதித்தால் இழப்பு வீட்டுக்குள்ளா வெளியேவா என்று தெரியாது. இரண்டு சாளரங்கள் திறந்து, ஒன்றில் ரவுட்டருக்கும் மற்றொன்றில் வெளி முகவரிக்கும் ஒரே நேரத்தில் ஓட விடுங்கள்.

```
ping -n 600 -l 160 192.168.1.1
ping -n 600 -l 160 1.1.1.1
```

உங்கள் ரவுட்டர் முகவரி வேறாக இருக்கலாம்; `ipconfig` கொடுத்தால் Default Gateway என்ற வரியில் இருக்கும். லினக்ஸிலும் மேக்கிலும் `-n` என்பதற்குப் பதில் `-c`, `-l` என்பதற்குப் பதில் `-s`. 160 என்பது பாக்கெட்டின் அளவு. குரல் பாக்கெட் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும். பத்து நிமிடம் ஓடும், நடுவில் நிறுத்த வேண்டாம்.

முடிவில் சதவீதத்தை விட Lost என்ற எண்ணைப் பாருங்கள். இங்கே விண்டோஸ் ஒரு வேடிக்கை செய்யும்: Destination host unreachable என்று வந்த பதிலையும் “வந்து சேர்ந்தது” என்றே எண்ணிக்கொள்ளும். எனவே கடைசி வரியை மட்டும் நம்பாமல் நடுவிலும் ஒரு பார்வை ஓட்டுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. வைஃபையில் இருந்தபடி சோதித்ததில் ரவுட்டருக்குப் போன 600 பிங்கில் 11 தொலைந்தன, வெளியே போனதில் 13. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்றால், இழப்பில் பெரும்பங்கு கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவிலேயே நடக்கிறது. இந்த நிலையில் இணைய நிறுவனத்துக்குப் புகார் செய்தால் பயனில்லை. வைஃபை தன் பங்குக்கு, தொலைந்ததைத் தானே சில முறை மறுபடி அனுப்பும். அதனால் இழப்பு குறைவாகத் தெரிந்தாலும், வழக்கமாக 2 மில்லிசெகண்டில் வரும் ரவுட்டர் பதில் திடீரென 150, 200 என்று குதிக்கும். அந்தக் குதிப்பும் குரலை வெட்டும்.

அடுத்து கேபிள் செருகி அதே சோதனை. இப்போது ரவுட்டருக்கு இழப்பு 0, வெளியே 1. இத்தோடு வைஃபைதான் குற்றவாளி என்று நின்றுவிடலாம் போலத் தோன்றும். ஆனால் இணைப்பு சும்மா இருக்கும்போது மட்டும் அளப்பதும் ஒரு தவறே. ஒரு பெரிய கோப்பை அப்லோடு செய்ய விட்டு மூன்றாம் முறை ஓட்டினால், ரவுட்டருக்கு இன்னும் 1 மில்லிசெகண்ட்தான். வெளி முகவரிக்கோ 24 ஆக இருந்தது 380 ஆகி, கூடவே 30 பாக்கெட் தொலைகிறது. அப்லோடு வரிசை நிரம்பி வழிகிறது, குரல் பாக்கெட் அதன் வாலில் நிற்கிறது. அழைப்பு நேரத்தில் போட்டோ பேக்கப் ஓடினால் நடப்பது இதுதான். ரவுட்டரில், இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்கியூஎம் வசதி இருந்தால் அதை இயக்கி, அப்லோடு வரம்பை அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதத்துக்குள் வையுங்கள். அப்புறம் அதே சோதனையை மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

கேபிளில், வேறு எதுவும் ஓடாதபோதும் வெளியே இழப்பு தெரிந்தால் மட்டும், வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டருக்கும் இழப்பை வரிவரியாகக் காட்டும் `mtr` பக்கம் போகலாம். இது லினக்ஸிலும் மேக்கிலும் நிறுவி ஓட்டும் கருவி, விண்டோஸில் இந்தக் கட்டளை இல்லை.

```
mtr -rw -c 300 1.1.1.1
```

இதைப் படிப்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். நடுவில் ஒரு ரவுட்டரில் 40% இழப்பு என்று பார்த்ததும் “இதோ பிடிபட்டது” என்று படம் பிடித்து அனுப்புகிறார்கள். நடுவில் உள்ள ரவுட்டர்கள் பாக்கெட்டைக் கடத்திவிடுவதையே முதல் வேலையாக வைத்திருக்கும். தங்களுக்கு வரும் பிங்குக்குப் பதில் சொல்வதை வேண்டுமென்றே மட்டுப்படுத்தும். அந்த 40% அடுத்த வரியில் 0 ஆகிவிட்டால் அங்கே எதுவும் தொலையவில்லை. ஒரு வரியில் தொடங்கும் இழப்பு அதற்குப் பின் கடைசி வரி வரை நீடித்தால்தான் அது நிஜம்.

பிங்கால் சொல்ல முடியாத ஒன்று, இழப்பு போகிற வழியிலா வருகிற வழியிலா என்பது. குரோமில் அழைப்பு நடக்கும்போதே இன்னொரு டேபில் `chrome://webrtc-internals` திறங்கள். `inbound-rtp` பகுதியில் உள்ள `packetsLost` உங்களுக்கு வந்து சேராதவை. `remote-inbound-rtp` பகுதியில் இருப்பது நீங்கள் அனுப்பி மறுமுனைக்குப் போய்ச் சேராதவை. பலர் கூடும் அழைப்பில் அந்த மறுமுனை பெரும்பாலும் நடுவிலுள்ள சர்வர். இரண்டாவது எண் மட்டும் ஏறினால் உங்கள் குரல்தான் வெட்டுகிறது, உங்களுக்கு மற்றவர் பேசுவது தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது உங்கள் அப்லோடை.