குயின் விழுந்துவிட்டது, ஜாக் யாரிடம்? பிரிட்ஜில் ரெஸ்ட்ரிக்டட் சாய்ஸ்

பிரிட்ஜ் ஆடத் தொடங்கிய சில மாதங்களில் எல்லோரும் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். ஒரு சூட்டில் உங்கள் பக்கம் ஒன்பது சீட்டு இருக்கிறது. குயின், ஜாக் இரண்டும் எதிரணியிடம். ஏஸை இறக்கியதும் ஒருவர் குயினைப் போடுகிறார். ஜாக் மட்டும் பாக்கி. கிங்கை இறக்கி அதை விழவைப்பதா, இல்லை ஃபினெஸ் எடுப்பதா? பெரும்பாலான புதியவர்கள் கிங்கைத்தான் இறக்குகிறார்கள். வேறு தகவல் எதுவும் இல்லாதபோது அது தவறான பக்கம், அதுவும் கணிசமான வித்தியாசத்தில்.

இதற்கான விதியை 1950-களில் ஆலன் ட்ரஸ்காட்டும் டெரன்ஸ் ரீஸும் பிரிட்ஜ் உலகில் பரப்பினார்கள். பெயர் ரெஸ்ட்ரிக்டட் சாய்ஸ். முதலில் ஒரு கையை ஆடிப் பார்ப்போம், கணக்கு அதிலிருந்தே வரும்.

படி 1: கையைப் பாருங்கள்

நீங்கள் தெற்கு. கான்ட்ராக்ட் ஆறு ஸ்பேட். ஏலத்தில் எதிரணி வாய் திறக்கவில்லை. மேற்கு டைமண்ட் 10-ஐ லீட் செய்கிறது.

```
வடக்கு (டம்மி)
♠ கிங் 10 9 8
♥ ஏஸ் 6 4
♦ கிங் குயின் 5
♣ ஏஸ் 7 3

தெற்கு (நீங்கள்)
♠ ஏஸ் 7 6 5 4
♥ கிங் 3
♦ ஏஸ் ஜாக் 4
♣ கிங் 6 2
```

டைமண்டில் மூன்று, ஹார்ட்டில் இரண்டு, கிளப்பில் இரண்டு என ஏழு ட்ரிக் கையிலேயே இருக்கிறது. கிளப்பில் ஒன்று போவதைத் தடுக்க வழியில்லை. டம்மியின் ஹார்ட்டும் டைமண்டும் நீளமில்லாததால் அதைக் கழித்துவிட இடமில்லை. ஆகவே பன்னிரண்டு வேண்டுமென்றால் துருப்பில் ஐந்தும் வந்தாக வேண்டும். வெளியே இருக்கும் ஸ்பேட் நான்கு: குயின், ஜாக், 3, 2.

படி 2: ஏஸை முதலில் இறக்குங்கள்

டைமண்டை உங்கள் கையில் ஏஸால் எடுத்துவிட்டு ஸ்பேட் ஏஸை இறக்குங்கள். ஏஸ் போன பிறகும் டம்மியில் கிங் 10 9 நிற்கும். கிழக்கிடமிருந்து ஒற்றை ஹானர் விழுந்தால், மேற்கிடம் உள்ள மற்ற ஹானரை அந்தக் கிங்-10 ஜோடியால் வளைத்துப் பிடிக்கலாம். கிங்கை முதலில் இறக்கினாலும் வாய்ப்பு ஒன்றுதான்: அப்போது மேற்கிடமிருந்து ஒற்றை ஹானர் விழுந்தால், டம்மியிலிருந்து 10-ஐ லீட் செய்து கிழக்கிடம் உள்ள மற்ற ஹானரைப் பிடிக்கலாம். இங்கே ஏஸில் தொடங்குவோம். ஏஸுக்கு மேற்கிடமிருந்து ஹானர் விழுந்தால்? கிழக்கிடம் மூன்று சீட்டு இருந்தால் ஒரு ட்ரிக் போவதைத் தடுக்க முடியாது. எனவே கிங்கை இறக்கி, 2-2 ஆக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தக் கையில் ஏஸுக்கு மேற்கு 2, கிழக்கு குயின். அடுத்து ஸ்பேட் 4-ஐ லீட் செய்கிறீர்கள், மேற்கு 3 போடுகிறது. இப்போது டம்மியில் எதைத் தொடுவது?

படி 3: எண்ணிக்கை

கிழக்கிடம் தொடக்கத்தில் இருந்திருக்கக்கூடியவை இரண்டே: குயின் மட்டும், அல்லது குயின்-ஜாக் இரண்டும். மற்ற எல்லாப் பங்கீடுகளும் ஆடிய சீட்டுகளோடு ஒத்துப்போகாமல் விலகிவிட்டன.

சீட்டுப் போடும்போது கிழக்கிடம் ஒற்றைக் குயின் விழ 6.22 சதவீத வாய்ப்பு. குயின்-ஜாக் இரண்டும் விழ 6.78 சதவீதம். வெறும் இந்த இரண்டையும் ஒப்பிட்டால் கிங்கை இறக்குவது ஒரு நூலிழை மேல். புதியவர்கள் கணக்கை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இந்த எண்கள் கிழக்கிடம் எந்தச் சீட்டுகள் இருந்தன என்பதைத்தான் சொல்கின்றன. அவற்றில் எதை அவர் போட்டார் என்பது தனிக் கேள்வி.

ஒற்றைக் குயின் வைத்திருந்தவருக்கு வேறு வழியில்லை, நூறுக்கு நூறு முறையும் குயின்தான் வரும். குயின்-ஜாக் வைத்திருந்தவருக்கு இரண்டும் ஒரே மதிப்பு. பாதி முறை குயின் போடுவார், பாதி முறை ஜாக் போடுவார். ஆகவே அந்த 6.78-இல், நீங்கள் இப்போது பார்த்தபடி குயின் விழுந்திருக்கக்கூடியது 3.39 மட்டுமே. மீதி 3.39-இல் நீங்கள் ஜாக்கைப் பார்த்திருப்பீர்கள்.

எனவே ஒப்பிட வேண்டியது 6.22-ஐயும் 3.39-ஐயும். இது 11-க்கு 6. இதே நிலை 17 முறை வந்தால் சராசரியாக 11 முறை ஃபினெஸ் ஜெயிக்கும், 6 முறை கிங். சதவீதத்தில் ஏறக்குறைய 65-க்கு 35.

டம்மியிலிருந்து 10-ஐப் போடுங்கள். கிழக்கு ஸ்பேட் போடாமல் வேறு சூட்டைக் கழித்தால் வேலை முடிந்தது. கிங்கை இறக்கினால் மேற்கின் ஜாக் தனியாக விழும். கிழக்கு ஜாக்கால் எடுத்துவிட்டால் ஒன்று டவுன். அந்த ஆறில் ஒன்று உங்களுக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். பார்ட்னர் முகம் சுளித்தாலும் அடுத்த முறையும் 10-ஐயே போடுங்கள்.

படி 4: நம்பிக்கை வரவில்லையா? மேசையில் சோதியுங்கள்

ஸ்பேட் குயின், ஜாக், 3, 2 ஆகிய நான்கோடு வேறு சூட் சீட்டுகள் 22-ஐச் சேர்த்து 26 ஆக்குங்கள். நன்றாகக் கலைத்து 13, 13 ஆக இரண்டு கைகளாகப் போடுங்கள். ஒன்றைக் கிழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கிடம் ஒற்றை ஹானர் வந்தால் ஒரு பக்கம் கோடு போடுங்கள், குயின்-ஜாக் இரண்டு மட்டும் வந்தால் மறுபக்கம். மற்றவற்றை விட்டுவிடுங்கள். ஐந்து முறைக்குச் சுமார் ஒருமுறைதான் கோடு விழும், பொறுமை தேவை. நூறு முறை போட்டால் ஒற்றை ஹானர் பக்கம் 12 அல்லது 13, மறுபக்கம் 7-ஐ ஒட்டி வரும் என்று எதிர்பார்க்கலாம். முதல் பக்கத்துக் கோடெல்லாம் ஃபினெஸ் ஜெயிக்கும் கைகள். விழுந்தது குயினா ஜாக்கா என்று நீங்கள் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

எங்கே இது செல்லாது

அதிகமாகத் தப்பாகப் பயன்படுவது, குயின் ஒன்றே குறையும் கையில். உங்களிடம் ஏஸ், கிங், ஜாக் உட்பட ஒன்பது சீட்டு. ஏஸுக்கு இருவரும் சின்னச் சீட்டு போடுகிறார்கள். இங்கே யாரும் சம மதிப்புள்ள இரண்டு ஹானரில் ஒன்றைத் தேர்ந்து போடவில்லை, பாதியாக வெட்ட எதுவும் இல்லை. முன்பு பார்த்த 6.78-க்கு 6.22, அதாவது 12-க்கு 11 என்ற கணக்கே நிற்கும். வேறு தகவல் இல்லாவிட்டால் கிங்கை இறக்குங்கள். விழுந்த ஹானரும் காணாமல் இருக்கும் ஹானரும் அடுத்தடுத்தவையாக, எதைப் போட்டாலும் ஒன்றுதான் என்ற நிலையில் இருந்தால்தான் விதி வேலை செய்யும்.

இரண்டாவது வரம்பு ஏலத்திலிருந்து வருகிறது, இது அதைவிட நுட்பமானது. நம் கையையே எடுத்துக்கொள்வோம், ஆனால் மேற்கு மூன்று ஹார்ட் என்று தொடங்கியிருந்தது, அவரிடம் ஏழு ஹார்ட் இருக்கிறது என்று வையுங்கள். வெளியே எட்டு ஹார்ட், ஆகவே கிழக்கிடம் ஒன்று. ஹார்ட் போக மேற்கில் 6 இடம், கிழக்கில் 12 இடம். மேற்கு ஸ்பேட் 2, 3 போட்டுவிட்டதால் அங்கே மிச்சம் 4. கிழக்கு குயின் போட்டுவிட்டதால் மிச்சம் 11. ஜாக் எங்கே என்பதற்கான விகிதம் 4-க்கு 11. கிழக்கின் பக்கத்தைப் பாதியாக்கினால் 4-க்கு 5.5. இப்போது கிங்கை இறக்குவதே சரி.

மேற்கிடம் ஆறு ஹார்ட், கிழக்கிடம் இரண்டு என்றால் அதே வழியில் 5-க்கு 10, பாதியாக்கினால் 5-க்கு 5. எதைச் செய்தாலும் ஒன்றுதான். 5-3 என்றால் 6-க்கு 4.5, மறுபடியும் ஃபினெஸ். அதாவது ரெஸ்ட்ரிக்டட் சாய்ஸைக் கவிழ்க்க, மேற்கிடம் இன்னொரு சூட் நிஜமாகவே நீளமாக இருக்க வேண்டும். ‘மேற்கு ஏதோ ஒரு ஏலம் சொன்னாரே’ என்ற தயக்கம் போதாது. எண்ணிப் பார்க்க வேண்டும்: காலி இடம், அதில் போட்ட ஸ்பேடைக் கழி, ஹானர் போட்டவர் பக்கத்தைப் பாதியாக்கு.

இதே தர்க்கம் இன்னொரு பழக்கமான இடத்திலும் வரும். டம்மியில் ஏஸ் ஜாக் 10, உங்களிடம் மூன்று சின்னச் சீட்டு. முதல் முறை 10-ஐப் போடுகிறீர்கள், கிழக்கு கிங்கால் எடுக்கிறது. அடுத்த முறை தயங்காமல் ஜாக்கைப் போடுங்கள். கிங்-குயின் இரண்டும் இருந்திருந்தால் கிழக்கு பாதி முறை குயினால் எடுத்திருப்பார். ஆகவே குயின் மேற்கிடம் இருக்கவே சுமார் இரண்டுக்கு ஒன்று வாய்ப்பு.

நீங்கள் கிழக்கில் உட்கார்ந்தால்

குயின்-ஜாக் இரண்டே இருக்கும்போது எப்போதும் குயினையே போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அது உங்களை விற்றுவிடும். அதைக் கவனித்த டிக்ளேரர், நீங்கள் ஜாக் போட்டால் அது ஒற்றை என்று அறிந்து ஃபினெஸ் எடுப்பார். குயின் போட்டால் கிங்கை இறக்குவார். எப்போதும் ஃபினெஸ் எடுப்பவர் நூறு பங்கீட்டில் 12.44 முறை ஜெயிக்கிறார். உங்கள் பழக்கம் தெரிந்தவர் 13.00 முறை. சின்ன வித்தியாசம்தான், ஆனால் இலவசமாகக் கொடுப்பானேன்? குயின், ஜாக் இரண்டையும் மாற்றி மாற்றி, எந்த ஒழுங்கும் தெரியாமல் போடுங்கள். எதைப் போடுவது என்பதைக் கை பிரித்துப் பார்க்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். ஒற்றைச் சீட்டு வைத்திருப்பவர் யோசிக்க மாட்டார். ஏஸ் இறங்கிய பிறகு நீங்கள் யோசித்தால் உங்களிடம் இரண்டு இருப்பது டிக்ளேரருக்குத் தெரிந்துவிடும்.