ஸ்ப்ளே மரத்தில் தாத்தாவை மறக்காதீர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸின் எபேனில் புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகள் ஸ்ப்ளே மரம் எழுதிக்கொண்டு வந்து காட்டும்போது, எந்த வரியில் என் கண் போய் நிற்கும் என்று எனக்கு இப்போது முன்கூட்டியே தெரியும். நல் பாயிண்டரைச் சோதிக்காமல் விட்டது, சுழற்றியபின் பெற்றோர் பாயிண்டரை மாற்ற மறந்தது போன்றவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அவற்றை ஓட்டிப் பார்த்த உடனே நிரலே விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். விழாமல், சரியான விடையையும் கொடுத்துக்கொண்டே நாசம் செய்கிற தவறுதான் என் எரிச்சலுக்குக் காரணம்.

## x-ஐ மட்டும் மேலே சுழற்றிக்கொண்டே போவது

ஸ்ப்ளே மரத்தின் விதி எல்லாருக்கும் தெரியும்: எந்த நோடைத் தொட்டாலும் அதை வேருக்குக் கொண்டுவர வேண்டும். இதைக் கேட்டதும் கை தானாக எழுதுவது, x வேராகும்வரை `rotate(x)` என்று ஒரு லூப். நான்கு வரி. விடை சரி, வரிசை சரி, x வேரில் நிற்கிறது. ஆனால் அது ஸ்ப்ளே மரம் இல்லை.

இந்த மரத்தை உருவாக்கிய ஸ்லீட்டரும் டார்ஜனும் 1985-இல் சொன்னது வேறு. பெற்றோர் p-யோடு தாத்தா g-யையும் பார்க்க வேண்டும். x-உம் p-யும் ஒரே பக்கப் பிள்ளைகளாக இருந்தால் (ஜிக்-ஜிக்), முதலில் p-யை g-க்கு மேலே சுழற்றி, அப்புறம் x-ஐ p-க்கு மேலே சுழற்ற வேண்டும். எதிரெதிர்ப் பக்கமாக இருந்தால் (ஜிக்-ஜாக்) x-ஐயே இரண்டு முறை சுழற்றலாம். தாத்தா இல்லாமல் p-யே வேராக இருந்தால் ஒரே சுழற்சி (ஜிக்).

```
if (g == NULL) {
    rotate(x);
} else if ((x == p->left) == (p == g->left)) {
    rotate(p);
    rotate(x);
} else {
    rotate(x);
    rotate(x);
}
```

ஒரு தம்பி இதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, எப்படிச் சுழற்றினாலும் x மேலதானே வருது? ரெண்டு வழியிலயும் ரெண்டு சுழற்சிதானே?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. காகிதத்தை எடுத்து ஏழு நோடு போட்டுக் காட்டினேன்.

1 முதல் 7 வரை ஏறுவரிசையில் சேர்த்து, ஒவ்வொன்றையும் வேராக்கினால் மரம் சங்கிலியாகிவிடும்: 7 வேர், அதன் இடப்பிள்ளை 6, அதற்கு 5, இப்படியே அடியில் 1. இப்போது 1-ஐத் தேடுகிறோம். எந்த வழியில் போனாலும் ஆறு சுழற்சி.

x-ஐ மட்டும் சுழற்றினால் வருவது இது: 1 வேர், அதன் வலப்பிள்ளை 7, அதிலிருந்து இடப்பக்கமாக 6, 5, 4, 3, 2. அடுத்துத் தேடவேண்டிய 2, ஆறு படி ஆழத்தில் கிடக்கிறது. ஆறு சுழற்சி செலவழித்தும் சங்கிலி அப்படியே இருக்கிறது; 1 மட்டும் அடியிலிருந்து உச்சிக்கு இடம் மாறியிருக்கிறது.

ஜிக்-ஜிக் வழியில் அதே ஆறு சுழற்சிக்குப் பிறகு: 1 வேர், அதன் வலப்பிள்ளை 6. 6-க்கு இடத்தில் 4, வலத்தில் 7. 4-க்கு இடத்தில் 2, வலத்தில் 5. 2-க்கு வலத்தில் 3. ஆக ஆழமான நோடு நான்காம் படியில்தான் இருக்கிறது. 1-ஐ மேலே கொண்டுவந்த அதே வேலையில், அது நடந்துவந்த பாதையும் ஏறக்குறையப் பாதியாக மடிந்துவிட்டது.

சரி, இனி 1 முதல் 7 வரை வரிசையாகத் தேடினால்? x-ஐ மட்டும் சுழற்றும் மரத்தில் சுழற்சிகள் 6, 6, 5, 4, 3, 2, 1, மொத்தம் 27. ஸ்ப்ளேயில் 6, 3, 2, 1, 2, 1, 1, மொத்தம் 16. ஏழு நோடுக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. n பெரிதாகும்போது முதலாவது ஏறக்குறைய n²/2 ஆகிறது. இரண்டாவது n-க்கு நேர்விகிதத்தில்தான் வளரும். வரிசையாகப் படிக்கும்போது இது எப்போதும் நேர்விகிதம்தான் என்பதை டார்ஜன் தனியாக நிரூபித்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், கடைசியில் 7-ஐத் தொட்டதும் இரண்டு மரமும் பழைய சங்கிலிக்கே திரும்பிவிடும். ஆகவே அடுத்த சுற்றிலும் அதே 27, அதே 16.

### ஒன்று மட்டும் ஏன் தப்பிக்கிறது

இதற்குத்தான் பொட்டென்ஷியல் கணக்கு. ஒவ்வொரு நோடின் கீழும், அதையும் சேர்த்து, எத்தனை நோடு என்று எண்ணி அதன் log2-ஐ எடுத்து, எல்லாவற்றையும் கூட்டுங்கள். சமநிலையான ஏழு நோடு மரத்துக்கு இது ஏறக்குறைய 6. நம் சங்கிலிக்கு 7 முதல் 1 வரை எண்ணிக்கை, கூட்டினால் 12.3. மரம் எவ்வளவு கோணலோ அவ்வளவு பெரிய எண். கோணலாகும் மலிவான வேலைகள் இந்தக் கையிருப்பில் காசு போட்டுவைக்கின்றன. நீண்ட தேடல் அதிலிருந்து எடுத்துச் செலவழிக்க வேண்டும்.

1-ஐத் தேடியபின் ஜிக்-ஜிக் மரத்தின் எண் 8.4-க்கு இறங்கிவிட்டது. ஆறு சுழற்சியில் 3.9 கையிருப்பிலிருந்து வந்தது. நம் தலையில் விழுந்தது 2.1 மட்டும். x-ஐ மட்டும் சுழற்றிய மரத்தைக் கணக்கிடுங்கள்: 7, 6, 5, 4, 3, 2, 1. அதே 12.3. ஆறும் முழுச் செலவு, கையிருப்பிலிருந்து ஒரு காசுகூட எடுக்க முடியவில்லை.

காரணம் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். ஜிக்-ஜிக்கிற்கு முன் x-இன் கீழே இருந்தவையும், முடிந்தபின் g-யின் கீழே இருப்பவையும் ஒன்றோடொன்று கலக்காத இரண்டு கூட்டங்கள். இரண்டும் சேர்ந்தே, புதிதாக மேலே வந்த x-இன் கூட்டத்துக்குள் அடங்கும். a + b ≤ c என்றால் log a + log b ≤ 2 log c − 2 (இங்கே எல்லாம் log2). கடைசியில் இருக்கிற அந்த 2 இருக்கிறதே, அதுதான் இரண்டு சுழற்சிக்கான கூலி. x-ஐயே இரண்டு முறை சுழற்றினால், x-இன் வலக்கிளை போய் g-யின் கீழே உட்கார்ந்துவிடும். இரண்டு கூட்டத்திலும் அது இருப்பதால் a + b ≤ c என்று சொல்ல முடியாது. கூலி கொடுக்க ஆளில்லை. ஜிக்-ஜாக்கில் இந்தச் சிக்கல் வராது. அங்கே p-யும் g-யும் x-இன் இரு பக்கமும் பிரிந்து உட்காருவதால், அந்தக் கூட்டங்கள் கலக்காமல் கூலி கிடைத்துவிடுகிறது.

இப்படிப் படிப்படியாகக் கூட்டினால் ஒரு தேடலின் அமார்டைஸ்டு செலவு 3(log n − log s) + 1-க்கு மேல் போகாது. இதில் s என்பது தொடக்கத்தில் x-இன் கீழே இருந்த எண்ணிக்கை. அந்த +1 மேலே ஒரே ஒருமுறை வரும் ஜிக்குக்காக. பத்து லட்சம் நோடுக்கு log n ஏறக்குறைய 20. ஆக ஒரு தேடலுக்குச் சராசரியாக 61 சுழற்சிக்குள். அதோடு தொடக்க மரம் கோணலாக இருந்ததற்காக ஒரே ஒருமுறை அதிகபட்சம் n log n.

### ஏன் யாருக்கும் தெரியாமல் போகிறது

நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் ரசீது எண்களை இப்படி ஒரு மரத்தில்தான் வைத்திருந்தார்கள். ரசீது எண் ஏறுவரிசையில்தான் வரும். இரவு அறிக்கையும் ஏறுவரிசையில்தான் படிக்கும். இந்தத் தவறுக்கு இதைவிட நல்ல விருந்து கிடையாது. தைப்பூசக் காவடி விடுமுறை முடிந்து மறுநாள் காலை ஆட்கள் வந்தபோதும் இரவு அறிக்கை ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் போதவில்லை என்று முடிவுகட்டி வேகமான ஒன்றை வாங்கினார்கள். ரசீதுகள் பத்து லட்சத்தைத் தொட்டால் n²/2 என்பது 50,000 கோடி சுழற்சி. எந்த மெஷின் வாங்கி என்ன செய்ய? திருத்தம் சில வரிதான்: தாத்தாவையும் பார்த்து, ஜிக்-ஜிக்காக இருந்தால் முதல் `rotate(x)`-ஐ `rotate(p)` ஆக்குவது. எனக்கு அதைக் காட்டியவர்கள் "டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆச்சே" என்று சொன்னதுதான் இன்றைக்கும் மனத்தில் நிற்கிறது.

பாஸ் ஆகத்தான் செய்யும். டெஸ்டில் சாவிகளை ராண்டமாக எடுத்திருந்தார்கள். ஒவ்வொரு தேடலும் முந்தியதோடு தொடர்பில்லாமல் வந்தால், வெறுமனே வேருக்கு ஏற்றும் முறையும் நன்றாகவே ஓடும். சிறந்த நிலையான மரத்தைவிட ஏறக்குறைய 1.39 மடங்குதான் அதிகம் என்று ஆலனும் மன்றோவும் 1978-லேயே காட்டியிருக்கிறார்கள். மோசமான வரிசைகளில் அது படுத்துவிடும் என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

ஆகவே ராண்டம் டெஸ்டை நம்பாதீர்கள். சுழற்சிக்கு ஒரு கவுண்டர் வையுங்கள். 1000 சாவிகளை ஏறுவரிசையில் சேர்த்து, கவுண்டரைப் பூஜ்யமாக்கி, ஏறுவரிசையில் ஒரு சுற்றுப் படியுங்கள். 5,00,499 என்று வந்தால் தாத்தாவை மறந்துவிட்டீர்கள். 2000-க்கும் ஓட்டிப் பாருங்கள்: எண்ணிக்கை இரண்டு மடங்கானால் சரி, நான்கு மடங்கானால் தவறு. நேரத்தை அளக்காமல் சுழற்சியை எண்ணச் சொல்வதற்குக் காரணம், 1000 நோடுக்கு இரண்டுமே கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

## தேடியது கிடைக்காவிட்டால் சும்மா திரும்புவது

நல்லில் போய் முட்டியதும் `return NULL` என்று எழுதிவிட்டுப் போவது. கிடைத்த நோடைத்தானே மேலே ஏற்ற வேண்டும், கிடைக்காதபோது எதை ஏற்றுவது என்று நினைக்கிறார்கள். கடைசியாகத் தொட்ட நோடை ஏற்ற வேண்டும்.

மேலே சொன்ன சங்கிலியில் 0-வைத் தேடுங்கள். 7-இலிருந்து 1 வரை இறங்கி வெறுங்கையோடு திரும்புவீர்கள். மரம் அசையவில்லை. மறுபடி தேடினால் மறுபடி அதே தூரம். கையிருப்பில் 12.3 இருந்தும் எடுக்காமல் விட்டதால், ஒவ்வொரு தேடலும் முழுச் செலவு. 1-ஐ வேருக்கு ஏற்றியிருந்தால் அடுத்த முறை 0 இல்லை என்று ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். இல்லாத எண்ணைத் திரும்பத் திரும்பக் கேட்கிற நிரல்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

## "ஒவ்வொரு தேடலும் log n" என்று வாக்குக் கொடுப்பது

தனி ஒரு தேடல் n படி போகலாம். வரிசையாகச் சேர்த்தபின் வரும் முதல் தேடலே அப்படித்தான். கணக்கு மொத்தத்துக்குத்தான் உத்தரவாதம் தருகிறது. ஒவ்வொரு பதிலும் குறிப்பிட்ட மில்லிசெகண்டுக்குள் வந்தாக வேண்டிய இடம் என்றால் சிவப்பு-கறுப்பு மரத்துக்குப் போங்கள்.

## ரெகர்ஷனில் எழுதுவது

பத்து லட்சம் ஆழச் சங்கிலியில் ஸ்டாக் தாங்காது. லூப் போடுங்கள்.

## படிக்க மட்டும்தானே என்று பூட்டாமல் விடுவது

ஸ்ப்ளே மரத்தில் படிப்பதும் எழுத்துதான். இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் தேடினாலே பாயிண்டர்கள் சிதறும். படிப்பவர்களுக்கு மட்டும் பகிர்ந்துகொடுக்கும் பூட்டு இங்கே உதவாது.