டென்னிசனின் கடலை வெண்பாவில் அடைத்தால்: மொழிபெயர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரிக் கடற்கரையில் கருங்கற்கள் குவிந்து கிடக்கும் ஓரமாக உட்கார்ந்தால் ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் ‘பிரேக், பிரேக், பிரேக்’ ஞாபகம் வராமல் இருக்காது. 1833-இல் நண்பன் ஆர்தர் ஹாலம் இளம் வயதில் இறந்துபோன துக்கத்தில் பிறந்த கவிதை. அச்சில் வந்தது 1842-இல். முதல் நாலு அடியில் அவர் சொல்வது இவ்வளவுதான்: கடலே, உன் குளிர்ந்த சாம்பல் நிறக் கற்கள்மேல் மோது, எனக்குள் எழும் எண்ணங்களை என் நாக்கால் சொல்ல முடிந்தால் தேவலை.

இதை நான் முதலில் குறள் வெண்பா ஆக்கினேன்.

கல்லிலே மோதும் கடலேநின் நெஞ்சறியச்
சொல்லிடவோ ஏலாத் துயர்.

தளை தட்டவில்லை. எதுகை இருக்கிறது, ‘மலர்’ வாய்பாட்டில் முடிகிறது. கடலூர் முதுநகர் நண்பர் ஒருவரிடம் படித்துக் காட்டினேன். “கடலுக்கு ஏதுண்ணே நெஞ்சு?” என்றார்.

அங்கேதான் தவறு. மூலத்தில் கடலுக்கு நெஞ்சே கிடையாது. அது தன்பாட்டுக்கு மோதிக்கொண்டிருக்கிறது என்பதுதான் பேசுபவனின் வேதனை. முதலடியின் கடைசிச் சீர் காலியாக இருந்தது. ‘கடலேநின்’ காய்ச்சீர், அடுத்து நேரசையில் தொடங்கும் சொல் வேண்டும். ‘நெஞ்சறிய’ வந்து உட்கார்ந்துகொண்டது. ‘துயர்’ இன்னும் மோசம். டென்னிசன் இங்கே ‘எண்ணங்கள்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறார். மறைந்த கையின் தொடுகையும் அடங்கிப்போன குரலும் மூன்றாம் பத்தியில்தான் வருகின்றன. ஈற்றுச்சீருக்கு ஓரசைச் சொல் தேடப்போய், அவர் பொத்தி வைத்ததை நான் இரண்டாம் அடியிலேயே போட்டு உடைத்துவிட்டேன்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, நம் செய்யுளுக்கு நாமே பதவுரை எழுதுவது. ஒவ்வொரு சொல்லையும் ‘நீ மூலத்தில் எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்க வேண்டும். பதில் சொல்லாத சொல் யாப்புக்காக வந்த விருந்தாளி.

சரி, வெண்பா வேண்டாம், ஆங்கில அளவையே பின்பற்றலாம் என்று அசை எண்ணுவது அடுத்த தவறு. ஆங்கில அடி அழுத்தத்தால் நடக்கிறது. நம் நேர், நிரை அழுத்தத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அதைவிட, எண்ணினால் கையில் வருவது என்ன? அவருடைய முதலடியில் மூன்றே அசை, இரண்டாம் அடியில் ஏழு. ஆனாலும் இரண்டிலும் மூன்று அழுத்தங்கள்தான். வாய்விட்டுப் படித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுக்கும். ஒவ்வொரு ‘பிரேக்’குக்கும் பின்னால் இருக்கும் மௌனம் அந்த இடத்தை நிரப்புகிறது. அடுத்த அலை வரும்வரை காத்திருப்பது மாதிரி.

இந்தக் கணக்கு தமிழுக்குப் புதிதல்ல. சிந்துப் பாடல் தாளத்தில் நடப்பது. எழுத்து குறைந்த இடத்தை இசை நீட்டம் நிரப்பிவிடும். இந்தப் புதுச்சேரியில் வாழ்ந்த இரா. திருமுருகன் சிந்தின் யாப்பை விரிவாக ஆராய்ந்தவர். ஆக, காப்பாற்ற வேண்டியது அசை எண்ணிக்கை அல்ல, அடிக்கு மூன்று தட்டு. தொடையில் தட்டியபடி எழுதிப் பார்த்தேன்.

மோது... மோது... மோது...
மரத்த பாறையில், கடலே!
உள்ளே எழுகிற எண்ணம்
நாவில் சொல்லாய் வாராதோ!

அவர் இரண்டாம், நான்காம் அடிகளில் வைத்த இயைபும் போயிற்று, என் எதுகையும் போயிற்று. எனக்கு அதில் வருத்தமில்லை. தட்டையும் மௌனத்தையும் விட்டிருந்தால்தான் கவிதை போயிருக்கும்.

‘மரத்த’ என்று போட்டதற்குக் காரணம் இருக்கிறது. அகராதியைப் பார்த்து ‘குளிர்ந்த கல்’ என்று எழுதத் தோன்றும். வெயில் ஊரில் குளிர்ச்சி நல்ல சொல். மனம் குளிர்ந்தது என்போம், கண் குளிரப் பார்த்தேன் என்போம். டென்னிசனின் கல்லோ இரக்கமில்லாதது. ‘ஈரக் கல்’ என்றாலும் ஆபத்து, ஈரம் நமக்கு அன்பு. பொருளுக்கு உண்மையாக இருப்பதாக நினைத்துச் சொல்லுக்குச் சொல் வைத்தால் இப்படி நேர் எதிராக முடியும். சாம்பல் நிறம் இதில் விடுபட்டுப்போனது உண்மைதான்.

இன்னொன்றும் விடுபட்டது. ‘பிரேக்’ என்றால் அலை உடைவது மட்டுமல்ல, மனம் உடைவதும். ‘மோது’வில் அது இல்லை. “அப்போ ‘உடை’ன்னே போடுங்களேன்” என்றார் நண்பர். போட்டுப் பார்த்தோம். ‘உடை, உடை, உடை’ மூன்றும் குறில் முந்திய நிரையசை. அலை ஓய்ந்து எழும் நிதானம் போய்க் குதிரை ஓட்டமாகிவிட்டது. போதாக்குறைக்கு, ஜவுளிக்கடை விளம்பரம் மாதிரியும் கேட்டது. மறுபடி ‘மோது’வுக்கே வந்தோம், முதல் எழுத்து நெடில், இழுத்து நிறுத்த இடம் கொடுக்கிறது.