அடுத்த அழைப்பு எப்போது வரும்? பாய்சான் வருகையில் இடைவெளிக் கணக்கு

உதவி மையம் ஒன்றுக்கு மணிக்குச் சராசரியாக 12 அழைப்புகள் வருகின்றன. அப்படியென்றால் 5 நிமிடத்துக்கு ஒன்று. ஆனால் ஒவ்வொன்றும் சரியாக 5 நிமிடம் விட்டு வராது. ஒருவர் அழைப்பது இன்னொருவருக்குத் தெரியாது, அழைப்பு வரும் வேகமும் மாறவில்லை என்றால் இது பாய்சான் செயல்முறை. தொலைபேசி அழைப்புகள் இப்படித்தான் வருகின்றன என்று கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை செய்த எர்லாங் 1909லேயே எழுதினார்.

படி 1: வேகத்தை எழுதுங்கள். நிமிடக் கணக்கில் λ = 12/60 = 0.2. இங்கே மணியையும் நிமிடத்தையும் கலந்துவிட்டால் பின்னால் எல்லாமே தப்பாகிவிடும்.

படி 2: இடைவெளியை எண்ணிக்கையாக மாற்றுங்கள். "அடுத்த அழைப்புக்கு t நிமிடத்துக்கு மேல் ஆகும்" என்பதும் "t நிமிடத்தில் ஒரு அழைப்புகூட வரவில்லை" என்பதும் ஒன்றுதான். பாய்சான் பரவலில் பூஜ்ஜியம் வருவதற்கான நிகழ்தகவு நமக்குத் தெரியும்:

```
P(T > t) = e^(-λt)
```

இடைவெளிகள் அடுக்குக்குறிப் பரவலில் அமைவது இதனால்தான்.

படி 3: எண்களைப் போடுங்கள். 10 நிமிடத்துக்கு மேல் அமைதி நிலவ e^(-2), அதாவது சுமார் 13.5%. ஒரு நிமிடத்துக்குள்ளேயே அடுத்தது வர 1 - e^(-0.2), சுமார் 18%. பாதி இடைவெளிகள் 3.5 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நிறையச் சின்ன இடைவெளிகள், நடுவே சில நீண்டவை. அழைப்புகள் "கும்பலாக வருகின்றன" என்று பணியாளர்களுக்குத் தோன்றுவதற்கு இதுவே போதும், வேறு காரணம் தேவையில்லை.

படி 4: நினைவின்மையைச் சோதியுங்கள். 5 நிமிடமாக அழைப்பே இல்லை. இன்னும் எவ்வளவு நேரம்? "இதோ வந்துவிடும்" என்றுதான் மனம் சொல்லும். ஆனால் பதில் மறுபடியும் சராசரி 5 நிமிடம். கழிந்த நேரம் கணக்கில் சேராது. நம்ப முடியவில்லையா? ஓட்டிப் பாருங்கள்:

```python
import numpy as np
g = np.random.default_rng(1).exponential(5, 100000)
print(g.mean(), g.std(), (g > 10).mean())
print((g[g > 5] - 5).mean())
```

கடைசி வரி, 5 நிமிடம் தாண்டிய இடைவெளிகளில் மீதியிருந்த நேரத்தின் சராசரி. அதுவும் 5ஐ ஒட்டியே வரும்.

படி 5: உங்கள் தரவு இதற்குப் பொருந்துமா? அடுக்குக்குறிப் பரவலில் திட்ட விலக்கமும் சராசரியும் சமம். எனவே உங்கள் இடைவெளிகளின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுங்கள். 1க்கு அருகில் இருந்தால் நல்ல அறிகுறி. 1.5 மாதிரி வந்தால், காலை நெரிசலையும் மதிய ஓய்வையும் ஒன்றாகச் சேர்த்திருப்பீர்கள். மணி மணியாகப் பிரித்து மறுபடி பாருங்கள். அப்புறமும் குறையவில்லையா? அழைப்பு துண்டிக்கப்பட்டவர்கள் உடனே திரும்ப அழைக்கிறார்களா என்று பாருங்கள், அந்த அழைப்புகள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. 1க்கு வெகுவாகக் கீழே போனால், முன்கூட்டியே நேரம் குறித்து, சீரான இடைவெளியில் வரும் அழைப்புகள் கலந்திருக்கலாம். பதிவேட்டில் நேரம் நொடி வரை இருக்கட்டும். நிமிடத்துக்கு முழுமையாக்கிய பதிவில், நாம் படி 3இல் பார்த்த சின்ன இடைவெளிகளில் பல பூஜ்ஜியமாகிவிடும்.