பார்க்கிங் லாட் பட்டியல் எழுதியும் நினைவுகள் ஏன் விடுவதில்லை?

ஆழ்ந்த கவனம் தேவைப்படும் வேலையில் உட்கார்ந்திருக்கும்போது குறுக்கே வரும் வேறு நினைவுகளை ஒரு தாளில் குறித்து வைத்துவிட்டு, கையிலிருக்கும் வேலையைத் தொடர்வதற்குப் பார்க்கிங் லாட் பட்டியல் என்று பெயர். முறை எளிதாக இருந்தாலும், பத்து நாள் எழுதிப் பார்த்து, எழுதிய பிறகும் அதே நினைவு திரும்பத் திரும்ப வருகிறது என்று கைவிடுபவர்களே அதிகம். பெரும்பாலும் குறை அவர்களுடைய மன உறுதியில் இல்லை, எழுதும் விதத்திலும், எழுதியதைப் பிறகு கவனிக்காமல் விடுவதிலும்தான் இருக்கிறது.

கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கணக்குப் பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜூன் மாதம், சீசன் உச்சத்தில் இருக்கிறது. மாதம் 14-ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில், விற்றவர்கள் பதிவேற்றிய பில்களைக் காட்டும் 2பி அறிக்கை வந்துவிடும். 20-ஆம் தேதிக்குள் அந்த மாத வரிக் கணக்கான 3பி தாக்கல் செய்ய வேண்டும். இடைப்பட்ட நாட்களில், டின், ட்ரம், அட்டைப்பெட்டி கொடுத்தவர்களின் பில்களை ஆலையின் கொள்முதல் பதிவேட்டோடு வரிவரியாக ஒப்பிட வேண்டும். 2பி-யில் வராத பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க, அதாவது கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது என்பதால், ஒரு வரியைத் தவறவிட்டாலும் பணம் போகும். இதற்காக அவர் காலை 9.30 முதல் 11 மணி வரை கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறார். உட்கார்ந்த கால் மணி நேரத்தில், அரூரில் இருக்கும் அண்ணன் கேட்ட பட்டா மாறுதல் நினைவுக்கு வருகிறது.

அவர் தாளில் "பட்டா" என்று ஒற்றைச் சொல்லை எழுதுகிறார். முதல் தவறு இதுதான். அந்தச் சொல் எதைச் செய்ய வேண்டும் என்றும் சொல்வதில்லை, எப்போது என்றும் சொல்வதில்லை. ஆகவே மனம் அந்தக் கேள்வியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி நீட்டுகிறது. மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முடிக்காத காரியம் ஒன்றை மனத்தில் வைத்திருந்தவர்களுக்கு, வேறொன்றைப் படிக்கும்போது அது குறுக்கிட்டுக்கொண்டே இருந்தது. அதை எப்படிச் செய்யப்போகிறோம் என்று குறிப்பாகத் திட்டமிட்டவர்களுக்கோ, காரியம் இன்னும் முடியாமலே இருந்தும், அந்தக் குறுக்கீடு வெகுவாகத் தணிந்தது. நினைவை ஓயவைக்க வேலையை முடித்துவிட வேண்டிய அவசியம் இல்லை, அடுத்த அடி எது என்று தெரிந்தால் போதும். "அண்ணனிடம் சர்வே எண், உட்பிரிவு எண் கேட்க, மதியம் சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதியிருந்தால் பத்து வினாடிதான் கூடுதலாகச் செலவாகியிருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சிலர் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கி, பட்டாவுக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும், யார் கையெழுத்து வேண்டும் என்று அரைப் பக்கம் எழுதிவிடுகிறார்கள். அப்போது குறிப்பு எழுதுவதே தனி வேலையாகிவிடுகிறது. ஒரு வினைச்சொல், ஒரு நேரம், அதிகபட்சம் ஒரு வரி என்பதை அளவாக வைத்துக்கொள்ளலாம்.

எழுதும் இடம் கைப்பேசியாக இருந்தால் மேலே சொன்ன கவனம் அத்தனையும் வீணாகும். குறிப்புச் செயலியைத் திறக்கத் திரையைத் தொட்டவுடன், ஆலை வாட்ஸ்அப் குழுவில் அன்றைய மாங்காய் வரத்தும் விலையும் கண்ணில் படும். ஒரு நினைவைக் குறிக்கப் போய் மூன்று புதிய நினைவுகளோடு திரும்புவார். பழைய பில்லின் பின்பக்கம், கிழித்த அரைத் தாள், மூடியில்லாத பேனா ஆகியவை எந்தச் செயலியையும் விட மேலானவை என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்றும் செய்ய வேண்டும்: குறிப்பு எழுதப் பேனாவை எடுக்கும் முன், பதிவேட்டில் நின்ற வரிக்கு எதிரே ஒரு டிக் போட்டுவிட வேண்டும். எழுதி முடித்ததும் கண் நேராக அந்த டிக்கிற்குத் திரும்பினால், விட்ட இடத்தைத் தேடும் நேரம் மிச்சமாகும். பட்டியலில் ஏற்கெனவே உள்ள வரிகளை அந்த நேரத்தில் மறுபடி படிக்கவும் கூடாது.

மிகவும் கவனிக்கப்படாத தவறு, எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடுவது. நம் கணக்காளருக்கு 10.20 மணியளவில், ஒரு டின் வியாபாரியின் மே மாதப் பில் பதிவேட்டில் இருக்கிறது, 2பி-யில் இல்லை என்று தெரிகிறது. உடனே அதையும் பார்க்கிங் தாளில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். ஆனால் அது கவனச்சிதறல் அல்ல, அவர் கண்டுபிடிக்க உட்கார்ந்த விஷயமே அதுதான். அது வேலைத்தாளிலேயே, பில் எண்ணும் தொகையும் எழுதி, "வியாபாரி விற்பனைக் கணக்கு ஜிஎஸ்டிஆர்-1 போட்டாரா என்று கேட்க" என்று அந்த வரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். காஸ் சிலிண்டர் பதிவு, பட்டா, லாரி வாடகை பாக்கி இவற்றுக்கு நடுவே அது போனால், 11 மணிக்கு அதையும் வீட்டு வேலைகளோடு சேர்த்துத் தள்ளிவைக்கத் தோன்றும்; அது விட்டுப்போனது 20-ஆம் தேதி வந்த பிறகுதான் தெரியும்.

இதைப் பிரித்தறிய ஒரு வழி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மணியைக் குறிப்பது. பத்து வரிகளில் ஏழு ஒரே சிக்கலான வியாபாரியின் கணக்கு வந்த நேரத்தில் எழுதப்பட்டிருந்தால், வீட்டு நினைவுகள் அங்கே காரணம் அல்ல. அந்தக் கணக்கு கடினமாக இருக்கிறது, பட்டியல் தப்பித்துக்கொள்ளும் வழியாகிவிட்டது. அப்போது செய்ய வேண்டியது அந்தக் கணக்கைச் சிறு பகுதிகளாக உடைப்பது: முதலில் பில் எண்கள், பிறகு தேதிகள், பிறகு வரித் தொகை. முதல் பத்து நிமிடத்திலேயே தாள் நிரம்பினால் காரணம் வேறு. தலையில் இருப்பதை உட்காருவதற்கு முன்பே ஒருமுறை இறக்கி வைக்காததால் வருவது அது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு, 11 மணிக்குத் தாளை மடித்து மேசை இழுப்பறைக்குள் போடுவது. நான்கு நாள் இப்படி நடந்தால், எழுதினாலும் யாரும் எடுத்துப் பார்க்கப்போவதில்லை என்று மனம் சரியாகவே முடிவு செய்துகொள்கிறது. ஐந்தாம் நாள் எழுதியும் பயனிருக்காது. ஆகவே ஒன்றரை மணி நேர வேலைக்குப் பின் 10 நிமிடம் தாளுக்கென்று ஒதுக்க வேண்டும். அந்த நாளில் தாளில் நான்கு வரிகள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். சிலிண்டர் பதிவு இரண்டு நிமிட வேலை என்பதால் அப்போதே முடிகிறது. அண்ணனிடம் கேட்பது மதியம் 1.30 என்று நாட்குறிப்பில் ஏறுகிறது. ஓசூர் லாரி வாடகை பாக்கியை அலுவலகத்தில் அதைக் கவனிக்கும் பையனிடம் சொல்லியாகிவிட்டது. பழைய கணினியை மாற்றலாமா என்ற நான்காவது வரி, இப்போது பார்த்தால் சீசன் முடியும்வரை யோசிக்கத் தேவையில்லாதது. கோடு போட்டு அடிக்கப்படுகிறது. தாளில் எதுவும் மிச்சமில்லை என்பதால் அது கிழித்தெறியப்படுகிறது, மறுநாள் புதுத் தாள்.

ஒரே வரி மூன்று நாள் தொடர்ந்து தாளில் வந்தால் அதற்கு இந்தத் தாள் இடமல்ல. ஒரு தேதியிட்டு நாட்குறிப்பில் ஏற்ற வேண்டும், அல்லது செய்யப்போவதில்லை என்று முடிவெடுத்து அடித்துவிட வேண்டும். வீட்டில் யாருக்கோ உடல்நிலை சரியில்லை என்ற கவலையையும் ஒரு வரியில் ஒதுக்கிவைக்க முயலக்கூடாது. அந்த நாளில் வேலையை நிறுத்திவிட்டு ஒரு போன் செய்து கேட்டுவிட்டு வருவதே நேரத்தைக் குறைவாக எடுக்கும்.